மார்த்தாவும் மார்லாவும்

1985ஆம் ஆண்டு அமெரிக்க சென்சஸ் பியூரோ, ஃபுளோரிடா மாநிலத்தில் இருக்கும் டாம்பா நகரில் ஓர் ஒத்திகை நடத்தியது. 1990இல் நாடு முழுவதும் எடுக்கவிருந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான ஒத்திகை அது. தலைகளை எண்ணுவது அதில் பாதி வேலைதான். எண்ணியதில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. பெயர்களை ஒப்பிடும் மென்பொருள்களில் இன்று பரவலாகப் புழங்கும் ஜாரோ-விங்க்லர் அளவுகோல் அந்த மீதிப் பாதியில்தான் வேர்விட்டது.

விட்டுப்போனவர்களை எப்படி எண்ணுவது? கணக்கெடுப்பு முடிந்த பிறகு, தேர்ந்தெடுத்த சில பகுதிகளுக்கு வேறு ஆட்களை அனுப்பி, முதல் பட்டியலைப் பார்க்காமலே மறுபடியும் பெயர் எழுதச் சொல்வார்கள். பிறகு இரண்டு பட்டியலையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு பகுதியில் முதல் பட்டியலில் 900 பேர், இரண்டாவதில் 500 பேர், இரண்டிலும் இருப்பவர்கள் 450 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது பட்டியலில் உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் பட்டியலிலும் இருக்கிறார்கள். அப்படியானால் முதல் கணக்கெடுப்பு பத்துக்கு ஒன்பது பேரைத்தான் பிடித்திருக்கிறது, உண்மையில் அங்கே வசிப்பவர்கள் சுமார் 1,000 பேர் என்று முடிவுக்கு வரலாம்.

இந்தக் கணக்கு முழுக்க அந்த 450 என்ற எண்ணை நம்பி நிற்கிறது. இரண்டு பட்டியலிலும் இருந்த பத்துப் பேரை, எழுத்துப்பிழை காரணமாக வேறு வேறு ஆள் என்று விட்டுவிட்டால் 450 என்பது 440 ஆகிவிடும். மதிப்பீடு 1,000இலிருந்து ஏறக்குறைய 1,023க்குத் தாவும். பத்துப் பெயர்ப் பிழைகள் சேர்ந்து, இல்லாத இருபத்துமூன்று பேரைப் பிறப்பிக்கும். தவறாக வேறு ஆளைப் பொருத்தினாலோ எண் மறுபக்கம் சரியும். அமெரிக்காவில் இது வெறும் புள்ளிவிவர விஷயமாக நிற்பதில்லை. பிரதிநிதிகள் சபை இடங்களும் மத்திய நிதியும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் பங்கிடப்படுகின்றன. 1990 கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களைச் சேர்க்க வேண்டும் என்று நியூயார்க் முதலிய நகரங்கள் வழக்குத் தொடர்ந்தன. 1991 ஜூலையில் வணிகத்துறைச் செயலர் ராபர்ட் மோஸ்பாக்கர் சேர்க்க முடியாது என்று முடிவெடுத்தார். 1996இல் உச்ச நீதிமன்றமும் அந்த முடிவு செல்லும் என்றது.

இத்தனை பாரத்தையும் தாங்க வேண்டியது ஒரு சின்னக் கேள்விக்கான பதில்: இந்தப் பட்டியலில் இருக்கும் MARHTA, அந்தப் பட்டியலில் இருக்கும் MARTHAதானா?

அப்போது கைவசம் இருந்த கருவிகளில் பழையது சவுண்டெக்ஸ். 1918இல் காப்புரிமை பெற்றது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளைத் தள்ளிவிட்டு, மெய்யெழுத்துகளை ஒலிக் குடும்ப வாரியாக எண்களாக்கும். JOHN என்ற பெயர் அதில் J500 ஆகும். JONஉம் J500. அதுவரை நல்லது. ஆனால் JOAN, JEAN, JANE, JUNE எல்லாமே J500தான். ஒரு குடும்பத்தில் அண்ணன் ஜான், தங்கை ஜேன் என்றால் சவுண்டெக்ஸுக்கு இருவரும் ஒருவரே. போதாக்குறைக்கு அதன் பதில் ஆம் அல்லது இல்லை மட்டும்தான். எவ்வளவு நெருக்கம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னொரு கருவி திருத்தத் தொலைவு. சோவியத் கணிதவியலாளர் விளாதிமிர் லெவென்ஷ்டெய்ன் 1965இல் தந்தது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. அவர் யோசித்தது தகவல் தொடர்பில் நேரும் பிழைகளைப் பற்றி. கம்பி வழியே போகும் குறிகளில் ஒன்று தொலைவதும் ஒன்று கூடுவதும் எந்த இடத்தில் நேர்ந்தாலும் ஒரே நஷ்டம். பெயர் எழுதும் மனிதர்கள் அப்படிப் பிழை செய்வதில்லை. JOHNஐ JON ஆக்க ஒரு திருத்தம் போதும். JOHNஐ JOAN ஆக்கவும் ஒரு திருத்தம்தான். முதலாவது ஒரே ஆளின் பெயரை இருவர் எழுதிய விதம். இரண்டாவதில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். MARTHA என்று அடிக்கப்போய் விரல் முந்தி MARHTA என்று விழுந்தால் தொலைவு 2. MARTHAவுக்கும் MARLAவுக்கும் தொலைவு அதே 2. முன்னது தட்டச்சுச் சறுக்கல், பின்னது பக்கத்து வீட்டுப் பெண்மணி.

முழு எண்களாகவே பதில் வருவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நாலெழுத்துப் பெயரில் ஒரு திருத்தம் பெயரையே மாற்றிவிடும். பத்தெழுத்துப் பெயரில் ஒரு திருத்தம் கண்ணில்கூடப் படாது. நீளத்தால் வகுத்துச் சரிசெய்யலாம் என்றாலும் MARHTA, MARLA இரண்டும் ஆறில் இரண்டு என்றே வரும். எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதையும், இடம் மாறியிருக்கிறதா என்பதையும் தனித்தனியே பார்க்கும் கணக்கு தேவைப்பட்டது.

டாம்பா ஒத்திகைக்கான பொருத்து முறையை உருவாக்கிய மேத்யூ ஜாரோ அப்படி ஒரு கணக்கைத்தான் போட்டார். டாம்பா அனுபவத்தை அவர் விரிவாக எழுதிய கட்டுரை 1989இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்க இதழில் வந்தது. அவருடைய முறையில் முதலில் பொதுவான எழுத்துகளை எண்ண வேண்டும். இரண்டு பெயரிலும் அந்த எழுத்து ஏறக்குறைய ஒரே இடத்தில் இருந்தால்தான் அது பொது. எவ்வளவு தள்ளியிருக்கலாம் என்பதை நீளமான பெயரே தீர்மானிக்கும்: அதன் எழுத்து எண்ணிக்கையில் பாதியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது. ஆறெழுத்துப் பெயருக்கு இரண்டு இடம் வரை விலகலாம். அடுத்து, பொதுவான எழுத்துகளை அந்தந்தப் பெயரில் வரும் வரிசையிலேயே எழுதி, வரிசை எத்தனை இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று பார்த்து, அந்த எண்ணிக்கையில் பாதியை இடமாற்றம் என்று கொள்ள வேண்டும்.

```
J = ( m/a + m/b + (m - t)/m ) / 3
```

இதில் `m` பொது எழுத்துகள், `a`, `b` இரண்டு பெயர்களின் நீளம், `t` இடமாற்றம். MARTHA, MARHTA இரண்டிலும் ஆறு எழுத்துகளும் பொது. T, H இரண்டும் முன்பின்னாக இருப்பதால் வரிசை இரண்டு இடத்தில் பிசகுகிறது. அதில் பாதி 1. ஆகவே 1, 1, ஆறில் ஐந்து, இந்த மூன்றின் சராசரி 0.944. MARLAவுக்கு வருவோம். M, A, R மூன்றும், கடைசி Aயும் பொது, மொத்தம் நான்கு. இடமாற்றம் இல்லை. ஆறில் நான்கு, ஐந்தில் நான்கு, முழு ஒன்று, இவற்றின் சராசரி 0.822. திருத்தத் தொலைவு ஒன்றாகவே பார்த்த இரண்டு ஜோடிகளும் இங்கே பிரிந்துவிட்டன. JOHN, JON ஜோடிக்கு 0.917, JOHN, JOAN ஜோடிக்கு 0.833. அவையும் பிரிந்தன.

இந்தச் சூத்திரத்தில் ஒரு குணம் இருக்கிறது. பின்னால் கட் ஆஃப் வைக்கும்போது அது காலை வாரும், இப்போதே கவனித்துக்கொள்வது நல்லது. மூன்றாவது பகுதி, ஒரே ஓர் எழுத்து பொதுவாக அமைந்தாலும் முழு ஒன்றைக் கொடுத்துவிடும். JOHN, MARTHA இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். H மட்டும் பொது. நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று, முழு ஒன்று: சராசரி 0.472. எந்த உறவும் இல்லாத இரண்டு பெயர்களுக்கு நூற்றுக்கு நாற்பத்தேழு. ஆகையால் 0.5 என்றால் பாதி ஒற்றுமை என்றோ, 0.8 என்றால் எண்பது சதவீத நிச்சயம் என்றோ படித்துவிடக் கூடாது. இந்த எண்ணின் அடித்தளமே மேலே இருக்கிறது. பயன்படும் வித்தியாசமெல்லாம் மேல்மாடியில், 0.8க்கும் 1க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கிறது.

பெயரின் இரண்டாம் பாதியில் வரும் விங்க்லரின் பங்கு வேறொரு ஊரிலிருந்து வந்த தகவலில் தொடங்குகிறது. ஜோசப் பொல்லாக், அன்டோனியோ ஸமோரா இருவரும் வேதியியல் ஆய்வுச் சுருக்கங்களைத் தொகுக்கும் நிறுவனத்தில் எழுத்துப்பிழை திருத்தும் முறையைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அறிவியல் கட்டுரைகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்ட பிழைச் சொற்களைச் சேர்த்து வைத்து, பிழை எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தார்கள். சொல்லின் முதல் எழுத்தில் பிழை மிகக் குறைவு, உள்ளே போகப்போகக் கூடுகிறது என்று தெரிந்தது. எழுதத் தொடங்கும்போது கவனம் இருக்கிறது. கையும் கண்ணும் நடுவில்தான் தளர்கின்றன. 1984இல் வந்த அவர்களுடைய கட்டுரையை சென்சஸ் பியூரோவின் புள்ளியியலாளர் வில்லியம் விங்க்லர் பிடித்துக்கொண்டார். தொடக்கம் ஒத்துப்போகும் இரண்டு பெயர்களுக்கு நடுவே இருக்கும் வேறுபாடு பிழையாக இருக்கும் வாய்ப்பு அதிகம், எனவே அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் தரலாம் என்பது அவர் எடுத்த முடிவு. 1990இல் அதை வெளியிட்டார்.

```
W = J + L * 0.1 * (1 - J)
```

`L` என்பது தொடக்கத்தில் அடுத்தடுத்து ஒத்துப்போகும் எழுத்துகள்; நான்குக்கு மேல் எண்ணுவதில்லை. சூத்திரம் செய்வது இதுதான்: ஜாரோ மதிப்பெண் முழு ஒன்றை எட்ட எவ்வளவு பாக்கி இருக்கிறதோ, அந்தப் பாக்கியில் ஒத்த எழுத்து ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் தள்ளுபடி செய்கிறது. MARTHA, MARHTA ஜோடியில் முதல் மூன்று எழுத்துகள் ஒன்று. பாக்கி 0.056, அதில் பத்தில் மூன்று பங்கு 0.017; கூட்டினால் 0.961. நான்கு எழுத்து, பத்தில் ஒரு பங்கு என்ற எண்கள் எந்தத் தேற்றத்திலிருந்தும் வந்தவையல்ல, நடைமுறையில் பொருந்தியவை. பியூரோ பயன்படுத்திய நிரலில் இன்னொரு காவலும் இருந்தது. ஜாரோ மதிப்பெண் 0.7ஐத் தாண்டினால்தான் இந்தச் சலுகை. தொடக்கம் ஒன்றாக இருந்து மற்றதெல்லாம் வேறாக இருக்கும் பெயர்கள் இந்த வழியே ஏறி வந்துவிடாமல் அது தடுத்தது. இன்று பலர் எழுதும் நிரல்களில் இந்த ஒரு வரி காணாமல் போயிருக்கிறது.

இதெல்லாம் தேவைதானா என்ற கேள்விக்கு 1988இல் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒத்திகையின் தரவு பதில் சொன்னது. ஒரே ஆள்தான் என்று உறுதியான ஜோடிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். முதற்பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது அவற்றில் 75 சதவீதத்தில்தான். குடும்பப் பெயர் 85 சதவீதத்தில். எழுத்து மாறாத பொருத்தத்தை மட்டும் நம்பியிருந்தால் நான்கில் ஒருவரின் முதற்பெயர் கைநழுவியிருக்கும். அளவுகோலில் 0.6ஐத் தாண்டியவை எத்தனை என்று பார்த்தால் முதற்பெயரில் 93 சதவீதம், குடும்பப் பெயரில் 95. மீதி ஏழு சதவீதமும் கவனிக்க வேண்டியதுதான். செல்லப்பெயரைச் சொல்வது, நடுப்பெயரை முதற்பெயராகச் சொல்வது போன்றவற்றை எந்த எழுத்துக் கணக்கும் பிடிக்காது. 1991இல் கனடாவின் புள்ளியியல் துறை இருபது ஒப்பீட்டு முறைகளை வரிசையில் நிறுத்திச் சோதித்தபோது, ஜாரோவின் மூல முறை இரண்டாமிடமும் விங்க்லர் திருத்திய வடிவம் முதலிடமும் பெற்றன.

இனி கட் ஆஃப். எந்த மதிப்பெண்ணுக்கு மேல் இருந்தால் ஒரே ஆள் என்று சொல்லலாம்? ஆறு ஜோடிகளை எடுத்து முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

```
MARTHA   MARHTA    0.961
JOHN     JON       0.933
MARTHA   MARLA     0.876
JOHN     JOAN      0.867
DWAYNE   DUANE     0.840
DIXON    DICKSON   0.832
```

மேலே இருக்கும் இரண்டும் ஒரே பெயர். நடுவில் இருக்கும் இரண்டும் வேறு பெயர்கள். அடியில் இருக்கும் இரண்டும் மறுபடி ஒரே பெயர். காதால் கேட்டு எழுதியவர் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார். வேறு ஆட்களை விடக் கீழே ஒரே ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறார். கட் ஆஃபை 0.9இல் வைத்தால் தவறான ஜோடி ஒன்றும் வராது, ஆனால் டுவேனும் டிக்சனும் போய்விடுவார்கள். 0.83இல் வைத்தால் நான்கு சரியான ஜோடிகளும் கிடைக்கும், கூடவே இரண்டு தவறானவையும் வரும். இரண்டுக்கும் நடுவே, பலரும் பாதுகாப்பானது என்று கைபோன போக்கில் வைக்கும் 0.85இல் நிறுத்தினால்? டுவேனும் டிக்சனும் போய்விட்டார்கள், மார்லாவும் ஜோனும் உள்ளே வந்துவிட்டார்கள். இரண்டு பக்க நஷ்டமும் சேர்ந்து வரும் இடம் அதுதான்.

தொடக்க எழுத்துச் சலுகையே இதில் ஒரு பங்கு வகிக்கிறது. சலுகை தருவதற்கு முன், MARTHA, MARLA ஜோடிக்கும் DWAYNE, DUANE ஜோடிக்கும் ஜாரோ மதிப்பெண் ஒன்றே: 0.822. மார்லாவுக்கு மூன்று எழுத்துச் சலுகை கிடைத்தது, டுவேனுக்கு ஒன்றுதான். சமமாக இருந்தவர்களில் தவறான ஜோடி முன்னால் போயிற்று. விரல் சறுக்கிய பிழைகளுக்காகச் செய்த ஏற்பாடு, காதால் கேட்டு எழுதிய பிழைகளுக்கு உதவவில்லை. கேட்டு எழுதுபவர் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடலாம். CATHERINE, KATHERINE இரண்டும் 0.926இல் அப்படியே நிற்கின்றன. சலுகை ஒரு துளியும் இல்லை. KATHERINE, KATHLEEN ஜோடியோ 0.837இலிருந்து 0.902க்கு ஏறிவிடுகிறது.

அப்படியானால் சென்சஸ் பியூரோ எந்த எண்ணை வைத்தது? பெயர் ஒன்றுக்காகத் தனியாக ஒரு கட் ஆஃபை அவர்கள் வைத்துக்கொண்டு முடிவெடுக்கவில்லை. இந்தக் கதையில் அதிகம் மறந்துபோன பகுதி இதுதான், அந்த மறதியால்தான் இன்று பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன என்று நினைக்கிறேன். ஜாரோவும் விங்க்லரும் வேலை செய்தது கனடாவின் இவான் ஃபெலிகியும் ஆலன் சன்டரும் 1969இல் வகுத்த கோட்பாட்டுக்குள். பெயர், வயது, பால், தெரு என்று ஒவ்வொரு விவரத்துக்கும் அதில் ஓர் எடை உண்டு. உண்மையான ஜோடிகளில் பத்துக்கு ஒன்பதில் முதற்பெயர் ஒத்துப்போகிறது, சம்பந்தமில்லாத ஜோடிகளில் நூற்றுக்கு ஒன்றில்தான் ஒத்துப்போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒத்துப்போவது தொண்ணூறு மடங்கு சாட்சி. இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையில் சுமார் +6.5. ஒத்துப்போகாவிட்டால் சுமார் −3.3. ஜாரோ-விங்க்லர் மதிப்பெண், இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று மட்டும் சொல்லும். முழுமையாக ஒத்தால் முழு எடை, கொஞ்சம் பிசகினால் கொஞ்சம் குறைவு.

பிறகு எல்லா எடைகளையும் கூட்டுவார்கள். மார்த்தாவும் மார்லாவும் ஒரே தெருவில் இருந்தாலும் ஒருவர் பிறந்தது 1952, மற்றவர் 1974 என்றால் மொத்தம் இறங்கிவிடும். டுவேனின் பிறந்த தேதியும் வீட்டு எண்ணும் இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருந்தால் மொத்தம் ஏறிவிடும். பெயர் மட்டும் தலைகீழாக்கி வைத்த வரிசையை மற்ற விவரங்கள் நேராக்குகின்றன. அந்த மொத்த எடைக்குத்தான் கட் ஆஃப், அதுவும் இரண்டு. மேல் கோட்டைத் தாண்டினால் ஒரே ஆள். கீழ்க் கோட்டுக்கு அடியில் இருந்தால் வேறு ஆள். நடுவில் விழும் ஜோடிகள் எழுத்தர்களின் மேசைக்குப் போகும். அவர்கள் படிவத்தை எடுத்துப் பார்த்து முடிவு சொல்வார்கள். இரண்டு கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பது எத்தனை எழுத்தர்கள் இருக்கிறார்கள், எவ்வளவு தவறைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்தது.

கையில் பெயர் மட்டுமே இருந்து, ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலை இன்றும் பலருக்கு வருகிறது. அப்போதும் வழி இருக்கிறது. சொந்தத் தரவில் எல்லா ஜோடிகளுக்கும் மதிப்பெண் போட்டு, 0.75இலிருந்து 1 வரை 0.05 அகலத்தில் பட்டைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். குருட்டாம்போக்கில் ஜோடிகளை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே வேறு ஆட்களாகத்தான் வரும். அதனால் பட்டைக்கு ஐம்பது என்று எடுக்க வேண்டும். பெயரைத் தவிர வேறு சான்றுகளை வைத்து இரண்டு பேர் தனித்தனியாக ஒரே ஆளா, வேறா என்று குறிக்க வேண்டும். மதிப்பெண்ணை அவர்களுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் கை அந்தப் பக்கம் சாயும்.

பிறகு மாதிரியைப் பட்டையின் முழு அளவுக்கு விரித்துப் பார்க்க வேண்டும். 0.85 முதல் 0.90 வரையுள்ள பட்டையில் ஐம்பதுக்கு இருபது சரியானவை, அந்தப் பட்டையில் மொத்தம் 3,000 ஜோடிகள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பட்டையை உள்ளே விட்டால் 1,200 சரியான ஜோடிகள் கிடைக்கும், 1,800 தவறானவை ஒட்டிக்கொண்டு வரும். கீழே போகப்போகப் பட்டை பருத்துக்கொண்டே போகும், ஏனென்றால் தற்செயலாகப் பாதி ஒத்துப்போகும் பெயர்களுக்குப் பஞ்சமே கிடையாது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி, ஒரு தவறான இணைப்பும் ஒரு விடுபட்ட இணைப்பும் என்ன விலை என்பது. மருத்துவமனையில் இரண்டு நோயாளிகளின் கோப்பை ஒன்றாக்கிவிட்டால் ஒருவருக்கு மற்றவரின் ரத்த வகை போய்விடலாம். அங்கே கோடு உயரத்தில் இருக்க வேண்டும். நிவாரணப் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை வந்திருக்கிறாரா என்று தேடுகிறோம், பிடித்ததையெல்லாம் ஓர் அலுவலர் சரிபார்ப்பார் என்றால் கோடு தாழலாம். ஒரே சூத்திரத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு எண்.

அமெரிக்கப் பெயர்களில் சரிபார்த்த எண்ணைத் தமிழ்ப் பெயர்களுக்கு அப்படியே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். ஆங்கில எழுத்தில் எழுதிய MUTHUKUMAR, MUTHURAMAN இரண்டும் வேறு மனிதர்கள். பொது எழுத்துகள் எட்டு, இடமாற்றம் ஒன்று, ஜாரோ 0.825. முதல் நான்கு எழுத்துகளும் ஒன்று என்பதால் முழுச் சலுகை கிடைத்து 0.895 ஆகிறது. LAKSHMI, LAXMI இரண்டும் ஒரே பெண்ணின் பெயர். அதற்குக் கிடைப்பது 0.832; மேலே பார்த்த டிக்சன் ஜோடியின் அதே எண், காரணமும் அதே X. முத்து, விஜய, ராஜ, பால என்று பொதுவான தொடக்கத்தோடு வரும் பெயர்கள் நம்மிடம் ஏராளம். தொடக்கம் ஒத்துப்போவது வலுவான சாட்சி என்ற அடிப்படை இங்கே ஆட்டம் காண்கிறது, ஏனென்றால் சம்பந்தமில்லாத ஆட்களுக்கும் தொடக்கம் ஒன்றாகவே இருக்கிறது.

தலைப்பெழுத்து இன்னொரு சிக்கல். ஒரு பட்டியலில் S MUTHUKUMAR, இன்னொன்றில் MUTHUKUMAR S என்றிருந்தால் முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துவிடும், சலுகை பூச்சியம். எனவே தலைப்பெழுத்தைக் கழற்றித் தனி விவரமாக வைத்துக்கொண்டு, அதற்குத் தனி எடை தர வேண்டும். X, KSH போன்ற எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை ஒப்பிடுவதற்கு முன்பே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். TH, DH, T மயக்கமும், ZH, L மயக்கமும் அப்படித்தான். லக்ஷ்மியை இரண்டு பட்டியலிலும் LAKSHMI ஆக்கிவிட்டால் மதிப்பெண் நேரே ஒன்றுக்குப் போய்விடுகிறது. முத்துக்குமாருக்கும் முத்துராமனுக்கும் வேறு மருந்து வேண்டும். சலுகையை எடுத்துவிட்டு ஜாரோவை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர்கள் 0.825க்கு இறங்குகிறார்கள். இரண்டு வடிவத்தையும் ஐம்பது ஐம்பதாகக் குறித்த அதே ஜோடிகள் மேல் ஓட்டி, எந்த வடிவத்தில் சரியானவையும் தவறானவையும் நன்றாகப் பிரிகின்றன என்று பார்த்த பிறகே கோடு எங்கே என்று சொல்ல முடியும்.